கொலிமேட்டரும் ஸ்பெக்ட் படமும்: தெளிவா, கவுண்ட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணு மருத்துவப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களும், ஏற்கெனவே காமா கேமரா ஓட்டுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். ஸ்பெக்ட் என்பது காமா கேமராவை நோயாளியைச் சுற்றி ஓட்டி எடுக்கிற முப்பரிமாணப் படம், கொலிமேட்டர் என்பது கேமராவின் முகப்பில் மாட்டுகிற துளைபோட்ட ஈயத் தடுப்பு, கவுண்ட் என்பது கேமரா பதிவு செய்கிற ஃபோட்டான்களின் எண்ணிக்கை. வேறு ஐசோடோப் என்று சொல்லாத இடங்களில் எல்லாம் டெக்னீசியம்-99எம், அதன் 140 கேஇவி காமாக் கதிர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா என்றுதானே பெயர்? லென்ஸ் வைக்காமல் ஏன் இவ்வளவு கனமான ஈயத்தை மாட்டுகிறார்கள்?

இந்த ஆற்றலில் காமாக் கதிரை வளைத்துக் குவிக்கிற லென்ஸ் நடைமுறையில் கிடையாது. படிகத்தில் ஃபோட்டான் எந்த இடத்தில் பட்டது என்று கேமரா கண்டுபிடித்துவிடும், ஆனால் அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. கொலிமேட்டரைக் கழற்றிவிட்டு நோயாளியைப் படம் எடுத்தால், உடம்பின் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் வரும் கதிர் படிகம் முழுக்கப் பரவி விழும், உருவம் என்று எதுவும் தெரியாது.

அதனால் திசையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, வேண்டாத திசையில் வருவதை எல்லாம் தடுத்துவிடுவதுதான். 1950களின் பிற்பகுதியில் ஹால் ஆங்கர் கட்டிய முதல் கேமராவில் ஊசித்துளைக் கொலிமேட்டர் இருந்தது. இன்று பெரும்பாலும் இணைதுளைக் கொலிமேட்டர். தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான அறுகோணத் துளைகள், நடுவே மெல்லிய ஈயச் சுவர்கள். துளைக்கு ஏறக்குறைய நேராக வருகிற ஃபோட்டான் மட்டும் படிகத்தைத் தொடும், மற்றதெல்லாம் சுவரில் நின்றுவிடும்.

அப்படித் தடுத்தால் எவ்வளவுதான் மிஞ்சும்?

மிகமிகக் கொஞ்சம். குறைந்த ஆற்றல் உயர் பிரிதிறன் வகைக் கொலிமேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். துளையின் அகலம் 1.11 மி.மீ., நீளம் 24 மி.மீ., சுவர் 0.16 மி.மீ. இதில் பத்தாயிரம் ஃபோட்டான் கிளம்பினால் சுமார் ஒன்றுதான் துளை வழியே வரும். கவுண்ட் கணக்கில் சொன்னால், 1 மெகாபெக்கரல் டெக்னீசியம் நொடிக்கு ஏறக்குறைய 8,90,000 காமாக் கதிர்களை வெளிவிடுகிறது, கேமரா பதிவு செய்வது 90 அளவில்தான் இருக்கும். அதுவும் காற்றில் வைத்துப் பார்த்தால். உடம்புக்குள் இருந்தால் திசு உறிஞ்சிக்கொள்வது தனி.

படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிற இரைச்சலுக்கு மூல காரணம் இந்தப் பற்றாக்குறைதான். படிகத்தையும் எலக்ட்ரானிக்ஸையும் எவ்வளவு மேம்படுத்தினாலும், வாசலிலேயே தொலைந்துபோன ஃபோட்டான் திரும்பி வரப்போவதில்லை.

சரி, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கவுண்ட் கூடுமே. தெளிவும் கவுண்ட்டும் இரண்டும் கிடைக்கிற மாதிரி ஏன் ஒரு கொலிமேட்டர் செய்யவில்லை?

இரண்டையும் தீர்மானிப்பது ஒரே விகிதம் என்பதால்தான். துளை எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்கிற விகிதம் கூடினால், துளை ஏற்றுக்கொள்கிற கோணம் விரியும். கோணம் விரிந்தால் பக்கத்துப் புள்ளியின் கதிரும் உள்ளே வரும், படம் மங்கும். மங்கல் இந்த விகிதத்தின் நேர்ப்படி கூடும், கவுண்ட்டோ அதன் வர்க்கப்படி கூடும், ஏனென்றால் கோணம் இரண்டு பக்கமும் விரிகிறது. எனவே மங்கலைப் பாதியாக்க நினைத்தால் கவுண்ட் கால்வாசிக்கு இறங்கிவிடும். இணைதுளைக் கொலிமேட்டரில் இதிலிருந்து தப்ப வழியே இல்லை, எந்த நிறுவனம் செய்தாலும் இதே கதைதான்.

கொலிமேட்டர் தருகிற மங்கலின் அளவு இப்படி வரும்:

```
R = d × (Le + b) / Le
```

இதில் `d` துளையின் அகலம், `b` கொலிமேட்டர் முகப்பிலிருந்து பொருள் இருக்கும் தூரம், `Le` துளையின் பயனுறு நீளம். விளிம்பில் ஈயம் கொஞ்சம் கதிரை விட்டுவிடும் என்பதால் 24 மி.மீ. நீளத்தை 23.3 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் கிடைக்கும் மங்கலுக்கு, இதோடு கேமராவின் சொந்த மங்கலையும், சுமார் 3.8 மி.மீ., வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

தூரம் கூடினால் கவுண்ட் குறையும் என்றுதானே படித்தோம்? டிடெக்டரைத் தள்ளி வைத்தும் கவுண்ட் குறையவே இல்லையே?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஒரு தனித் துளையை மட்டும் பார்த்தால் தூரத்தின் வர்க்கப்படி கவுண்ட் குறையத்தான் செய்யும். ஆனால் தள்ளிப் போகப் போக அந்தப் புள்ளியைப் பார்க்கிற துளைகளின் எண்ணிக்கை அதே வர்க்கப்படி கூடிக்கொண்டே போகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், காற்றில் இணைதுளைக் கொலிமேட்டரின் கவுண்ட் தூரத்தைப் பொறுத்து மாறுவதில்லை.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அதே கவுண்ட்டைப் பெரிய பரப்பில் பரப்பி வைக்கிறது, அவ்வளவுதான். திரையில் கவுண்ட் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், எச்சரிக்கை எதுவும் வராது, படம் மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும். கவுண்ட்டைப் பார்த்துத் தூரம் சரியா என்று தீர்மானிக்கவே முடியாது.

தூரத்தால் அப்படி என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்? சில சென்டிமீட்டர்தானே?

மேலே சொன்ன உயர் பிரிதிறன் கொலிமேட்டரிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். பொருள் 5 செ.மீ. தூரத்தில் இருந்தால் மொத்த மங்கல் 5.2 மி.மீ. 10 செ.மீ.யில் 7.0, 15 செ.மீ.யில் 9.1, 20 செ.மீ.யில் 11.3. இப்போது பொதுப் பயன் கொலிமேட்டர் ஒன்றை மாட்டுங்கள்: துளை 1.45 மி.மீ., அதே நீளம், சுவர் 0.2 மி.மீ. இதில் கவுண்ட் 1.7 மடங்கு கூடுதலாக வரும். மங்கல் 10 செ.மீ.யில் 8.6, 15 செ.மீ.யில் 11.4.

அந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். உயர் பிரிதிறன் கொலிமேட்டரை 20 செ.மீ.யில் வைத்தாலும், பொதுப் பயன் கொலிமேட்டரை 15 செ.மீ.யில் வைத்தாலும் கிடைக்கும் தெளிவு ஒன்றுதான். வெறும் 5 செ.மீ. அலட்சியத்தால், நல்ல கொலிமேட்டரின் பலன் முழுக்கப் போய், கவுண்ட் இழப்பு மட்டும் கையில் மிஞ்சுகிறது. எந்தக் கொலிமேட்டர் சிறந்தது என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் டிடெக்டர் சுற்றும் பாதையின் ஆரத்தைப் பார்க்காமலே ஸ்டார்ட் அமுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். இவ்வளவு மலிவாகத் தெளிவு கிடைக்கிற இடம் இந்தத் துறையில் வேறு இல்லை.

தலை ஸ்பெக்ட் எடுக்கும்போது தோள் இடிக்கிறது. ஆரத்தைக் கூட்டாமல் என்ன செய்வது?

சுற்றின் மையத்தில் இருக்கும் பொருளுக்குத் தூரம் என்பது ஏறக்குறைய அந்த ஆரமேதான், அதனால் இந்தக் கேள்விக்கு மேலே உள்ள எண்களை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். தலையை மட்டும் சுற்றினால் 13 முதல் 15 செ.மீ. ஆரம் போதும். தோளையும் தாண்டிச் சுற்ற வேண்டுமென்றால் 20க்கு மேல் போய்விடும்.

முதலில் நோயாளியை மேலே நகர்த்துங்கள். தலை, மேசையின் முனையைத் தாண்டி, தலைதாங்கியில் முழுமையாக உட்கார வேண்டும், மேசையின் அகலமான பகுதியில் அல்ல. தலைக்கு அடியில் தடித்த தலையணை இருந்தால் எடுத்துவிடுங்கள். கைகளைக் கீழே நீட்டி, தோள்களைப் பாதத்தை நோக்கி இறக்கச் சொல்லி, துணிப்பட்டையால் கட்டிவிட்டால் சில சென்டிமீட்டர் கிடைக்கும். அப்புறம் ஸ்டார்ட் அமுக்குவதற்கு முன்பு டிடெக்டரை ஒரு முழுச் சுற்று விட்டுப் பாருங்கள், நெருங்கும் இடம் எது, எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்று கண்ணிலேயே தெரியும். சிறுமூளையின் அடிப்பகுதி படத்தில் விழுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும், நெருங்குகிற அவசரத்தில் அதை வெட்டிவிடக் கூடாது.

பழைய படம் ஒன்று எந்த ஆரத்தில் எடுக்கப்பட்டது என்று தெரிய வேண்டுமா? டைகாம் தலைப்பில் `Radial Position (0018,1142)` என்ற இடத்தில் மில்லிமீட்டரில் இருக்கும். ஒரே நோயாளியின் இரண்டு படங்களை ஒப்பிடும்போது இதை முதலில் பாருங்கள். முதல் படம் 140, இரண்டாவது 200 என்றிருந்தால், மருந்து உறிஞ்சல் குறைந்திருக்கிறது என்று எழுதுவதற்கு முன்பு யோசிக்க வேண்டும், ஏன் என்பது அடுத்த பதிலில்.

ஸ்பெக்ட்டில் கவுண்ட் பற்றாக்குறை என்றால் கவுண்ட் அதிகம் தருகிற பொதுப் பயன் கொலிமேட்டர்தானே நல்லது?

தேடுகிற பொருளின் அளவைப் பொறுத்தது. 15 செ.மீ. ஆரத்தில், நடுவே 12 மி.மீ. விட்டமுள்ள சூடான உருண்டை ஒன்று, சுற்றிலும் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மங்கல் 9.1 மி.மீ. என்றால் அந்த உருண்டையின் மையத்தில் உண்மை மதிப்பில் சுமார் 51 விழுக்காடு படத்தில் தெரியும். மங்கல் 11.4 என்றால் 33 விழுக்காடுதான். மீதி எல்லாம் பக்கத்தில் வழிந்துவிட்டது. ஆக உயர் பிரிதிறன் கொலிமேட்டரில் உருண்டை 1.56 மடங்கு எடுப்பாகத் தெரிகிறது. பொதுப் பயன் கொலிமேட்டரில் கவுண்ட் 1.7 மடங்கு கூடுதல், ஆனால் இரைச்சல் கவுண்ட்டின் வர்க்கமூலப்படிதான் குறையும் என்பதால் அதனால் கிடைக்கும் ஆதாயம் 1.3 மடங்கு. 1.56 பெரிது, எனவே கவுண்ட்டை இழந்தும் உயர் பிரிதிறன் கொலிமேட்டரே ஜெயிக்கிறது.

அதே உருண்டை 40 மி.மீ. என்றால் கதை தலைகீழ். இரண்டு கொலிமேட்டரிலும் மையத்தின் மதிப்பு முழுசாகத் தெரியும், எடுப்பில் வித்தியாசம் இல்லை, 1.3 மடங்கு குறைந்த இரைச்சலோடு பொதுப் பயன் கொலிமேட்டர் முந்திவிடும். பல கோணங்களில் எடுத்ததைச் சேர்த்து முப்பரிமாணப் படமாக்கும் மறுகட்டமைப்பில் இரைச்சல் நடந்துகொள்கிற விதம் இதைவிடச் சிக்கலானது, இது தோராயக் கணக்குதான், ஆனால் முடிவின் திசை மாறாது. சின்னதைத் தேடும் ஸ்பெக்ட்டுக்குத் தெளிவின் பக்கம் சாய்வதே சரி என்பது என் கருத்து. தெளிவான தரவு இரைச்சலாக இருந்தால் பிறகு வடிகட்டி மென்மையாக்கலாம், மங்கலாக எடுத்ததை அவ்வளவு சுலபமாகத் திருப்ப முடியாது.

மேலே ஆரம் பற்றிச் சொன்னதற்கும் காரணம் இதுதான். உயர் பிரிதிறன் கொலிமேட்டரை 20 செ.மீ.க்குத் தள்ளினால் இதே உருண்டை 51லிருந்து 33க்கு இறங்கிவிடும். மருந்து உறிஞ்சல் துளியும் மாறவில்லை, ஆரம் மட்டும் மாறியது.

கவுண்ட் குறைவென்றால் நேரத்தைக் கூட்டிவிட்டால் போதாதா?

கணக்குப்படி போதும். பொதுப் பயன் கொலிமேட்டரில் 20 நிமிடத்தில் கிடைக்கும் கவுண்ட்டை உயர் பிரிதிறன் கொலிமேட்டரில் சேர்க்கச் சுமார் 35 நிமிடம் ஆகும். ஆனால் அசையாமல் 35 நிமிடம் படுப்பது வலியுள்ளவருக்கும் நடுக்கமுள்ளவருக்கும் நடக்காத காரியம், அசைந்துவிட்டால் நீங்கள் சம்பாதித்த மில்லிமீட்டர்கள் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். நீண்ட நேரம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஒரே நீண்ட சுற்றாக எடுக்காமல் இரண்டு மூன்று விரைவான சுற்றுகளாக எடுத்துக் கூட்டுங்கள். ஒன்றில் அசைந்தால் அதை மட்டும் விட்டுவிடலாம்.

இப்போது மென்பொருளே கொலிமேட்டர் மங்கலைத் திருத்திவிடுகிறதே, இன்னும் தூரத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

பிரிதிறன் மீட்பு என்று சொல்கிற அந்த முறை உண்மையிலேயே நல்ல முறை, நான் எதிர்ப்பவன் அல்ல. ஒவ்வொரு கோணத்திலும் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அந்தத் தூரத்தில் கொலிமேட்டர் எவ்வளவு மங்கலாக்கும் என்பதை மறுகட்டமைப்புக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறது. ஆனால் தரவில் அழிந்துபோன விவரத்தை அது உருவாக்க முடியாது. 5 மி.மீ. வெளிச்சம், 5 மி.மீ. இருட்டு என்று மாறி மாறி வருகிற அமைப்பு ஒன்று இருந்தால், 15 செ.மீ. ஆரத்தில் அதன் ஏற்ற இறக்கத்தில் 5 விழுக்காடு தரவில் மிஞ்சும், 20 செ.மீ.யில் 1 விழுக்காடு. அந்த ஒன்றை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க எந்த மென்பொருளாலும் ஆகாது.

இன்னொன்று, இந்த முறையில் விளிம்புகள் மிகையாகத் தூக்கி நிற்கும். பெரிய உருண்டையின் ஓரத்தில் பிரகாசமான வளையம் தெரியும், உருண்டை சின்னதென்றால் அந்த வளையம் நடுவில் ஒன்றுசேர்ந்து உண்மையைவிட அதிக மதிப்பைக் காட்டவும் கூடும். எண்களை வைத்து முடிவெடுக்கிறீர்கள் என்றால், அதே கொலிமேட்டர், அதே ஆரம், மறுகட்டமைப்புக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிற அதே எண்ணிக்கையில், அளவு தெரிந்த மாதிரிப் பொருளான ஃபாண்டம் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

அயோடின்-123க்கு 159 கேஇவிதானே, டெக்னீசியம் கொலிமேட்டரே போதாதா? படம் முழுக்க மூட்டமாக வருகிறதே?

159 மட்டும் என்றால் போதும். ஆனால் அயோடின்-123 நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவான அளவில் 529 கேஇவி கதிரையும் வெளிவிடுகிறது. எண்ணிக்கை அற்பம் மாதிரித் தோன்றும். ஆனால் 159 கேஇவி கதிரில் பத்தாயிரத்தில் ஒன்றைத்தான் கொலிமேட்டர் விடுகிறது, 529க்கோ அந்த 0.16 மி.மீ. சுவர் இருப்பதே தெரியாது. சுவர்களைத் துளைத்து எல்லாத் திசையிலிருந்தும் வந்து, படிகத்தில் சிதறி, ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் விட்டுச் செல்லும்போது அது கேமரா ஏற்றுக்கொள்கிற 159 கேஇவி ஆற்றல் சாளரத்துக்குள் விழுந்துவிடுகிறது. படம் முழுக்கப் பரவியிருக்கும் மூட்டம் அதுதான், மூளையின் ஸ்ட்ரையேட்டத்தைப் பின்னணியோடு ஒப்பிடும் விகிதத்தை அது குறைத்துக் காட்டும். நடுத்தர ஆற்றல் கொலிமேட்டர் மாட்டினால் மூட்டம் குறையும், தெளிவிலிருந்து கொஞ்சம் கொடுக்க வேண்டும்.

அயோடின்-131இன் 364 கேஇவிக்குப் பிரச்சினை அடுத்த கட்டம். அதே துளையை வைத்துச் சுவரை மட்டும் தடிப்பாக்கிப் போதுமான தடுப்பு வேண்டுமென்றால் சுவர் ஏறக்குறைய 1.5 மி.மீ. ஆகிவிடும், அதாவது துளையைவிடச் சுவர் தடிமன். அதனால் உயர் ஆற்றல் கொலிமேட்டரில் எல்லாமே பெரிதாகவும் நீளமாகவும் இருக்கும். தடுப்பு போதாதபோது, சூடான புள்ளியைச் சுற்றி ஆறு கைகள் உள்ள நட்சத்திரம் தெரியும். அறுகோணத் துளைகளில் சுவர் மெலிந்து குறுக்கிடும் ஆறு திசைகள்தான் அந்தக் கைகள். அது நோய் அல்ல, கொலிமேட்டரின் கையெழுத்து.

விசிறிவகை, ஊசித்துளை என்றெல்லாம் இருக்கிறதே, அவை இந்தப் பேரத்திலிருந்து தப்புகின்றனவா?

கொஞ்சம் தப்புகின்றன. இணைதுளையில் தலை ஸ்பெக்ட் எடுத்தால் படிகத்தின் பெரும்பகுதி சும்மா கிடக்கும், துளைகள் ஒரு கோட்டை நோக்கிக் குவிகிற விசிறிவகை அந்தச் சும்மா கிடக்கும் படிகத்தைப் பயன்படுத்துவதால் அதே தெளிவுக்குக் கூடுதல் கவுண்ட் தரும். விலை, பார்வைப் பரப்பு குறுகிவிடும்: ஏதோ ஒரு கோணத்தில் தலையின் ஓரம் வெளியே போனால் மறுகட்டமைப்பில் கோளாறு வரும். ஊசித்துளை சின்ன உறுப்பை மிக அருகிலிருந்து பெரிதாக்கிக் காட்டும், ஆனால் அங்கே தூரம் கூடினால் கவுண்ட் வர்க்கப்படி விழும். மேலே இணைதுளைக்குச் சொன்ன விதி அதற்குப் பொருந்தாது.

ஆரமும் சரி, கொலிமேட்டரும் சரி, நேரமும் சரி. இருந்தும் ஸ்பெக்ட் மங்கலாகவோ வளையம் வளையமாகவோ வருகிறது. எங்கே தேடுவது?

மங்கல் என்றால் முதலில் சுழல்மையத் திருத்தம், அதாவது டிடெக்டர் சுற்றும் மையமும் படத்தின் மையமும் பொருந்துவதற்கான திருத்தம். அது கொலிமேட்டருக்குக் கொலிமேட்டர் மாறும், ஒன்றுக்கு எடுத்த திருத்தம் இன்னொன்றுக்கு ஆகாது. துளைகள் முகப்புக்குச் சரியாகச் செங்குத்தாக இல்லாமல் அரை டிகிரி சாய்ந்திருந்தாலே 20 செ.மீ. தூரத்தில் 1.7 மி.மீ. நகர்ந்துவிடும். சாதாரணப் படத்தில் இது கண்ணுக்கே தெரியாது, சுற்றி எடுக்கும்போது மட்டும் புள்ளி தடித்துக் காட்டும். புள்ளி மூலம் ஒன்றை மையத்திலிருந்து தள்ளி வைத்து முழுச் சுற்று எடுத்துப் பாருங்கள். மறுகட்டமைத்ததில் அது உருண்டையாக இல்லாமல் நீண்டோ வளையமாகவோ வந்தால் இங்கேதான் கோளாறு.

படத்தின் நடுவைச் சுற்றி வளையங்கள் என்றால் சீர்மைக் குறை. கொலிமேட்டரோடு, முகப்பு முழுக்கச் சீராகக் கதிர் விழும்படி ஃப்ளட் படம் எடுங்கள், பிறகு கொலிமேட்டரைக் கழற்றிவிட்டு இன்னொன்று எடுங்கள். முதலாவதில் இருந்த கறை இரண்டாவதில் காணாமல் போனால் கொலிமேட்டர் அடிபட்டிருக்கிறது. மாற்றும்போது வண்டியில் இடித்து ஓரிடத்தில் சுவர்கள் நசுங்கினாலே போதும். கறை அங்கேயே இருந்தால் படிகம், ஃபோட்டோமல்டிப்ளையர் பக்கம் தேட வேண்டும். நசுங்கிய கொலிமேட்டரை அந்த இடத்துக்கான சீர்மைத் திருத்தத்தால் மறைக்கப் பார்க்காதீர்கள். அங்கே துளைகளின் கோணமும் மாறியிருக்கும், கவுண்ட்டைச் சரிசெய்தாலும் திசை தவறாகவே இருக்கும்.